ஒரே மைதானம், மூன்று வயதுக் குழுக்கள்: மே மாத முகாமுக்கு நேர அட்டவணை போடுவது எப்படி

வடசென்னையில் கோடை விடுமுறைக்குக் கால்பந்து முகாம் நடத்தலாம் என்று முதன்முறையாக இறங்குபவர்கள் பந்து, ஜெர்சி, பயிற்சியாளர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நேர அட்டவணையைக் கடைசி நாள் ராத்திரி போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். பெரிய பையன்கள் சீக்கிரம் எழுந்து வருவார்கள், அவர்களுக்கு 6 மணி. சின்னப் பிள்ளைகள் தூங்கட்டும், அவர்களுக்கு 8 முதல் 9:15 வரை. பெற்றோருக்கும் அதுதான் வசதி. நான்காம் நாள் எட்டு வயதுப் பையன் ஒருவன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டான். "வயிறு வலிக்குது அண்ணா" என்றான். தாகம் என்றும் சொல்லவில்லை, வெயில் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்ததும் வாந்தி எடுத்தான். காலையில் ஒரு டம்ளர் டீ மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறான். நிழலில் படுக்கவைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிய பிறகு கால் மணி நேரத்தில் தேறினான். அன்றைக்குச் சாயங்காலமே அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட்டேன். அந்தப் புதிய அட்டவணையைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில் மைதானத்துக்குப் போய் நிழலைப் பாருங்கள்

தாளை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலை 7 மணிக்கும் 8:30 மணிக்கும் மைதானத்தில் நின்று பாருங்கள். மே மாத நடுவில் சென்னையில் சூரியன் 5:45 வாக்கில் உதிக்கிறது. 7 மணிக்கு ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் இருக்கும். 8:30 மணிக்கு அது ஒன்றேகால் மடங்காகச் சுருங்கிவிடும். 9 மணிக்கு உங்கள் நிழலும் உங்கள் உயரமும் சமம். அதற்குப் பிறகு நிழல் உங்களைவிடக் குட்டையாகிக்கொண்டே போய், உச்சிவேளையில் காலடியில் ஒடுங்கிவிடும். ஏப்ரல் 24 வாக்கில் நடுப்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் மேலே வருகிறது. மே மாதத்தில் சற்று வடக்கே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். பத்து மணிக்கு மேல் மதில் ஓரம் நிழல் கிடைக்கும் என்று நம்ப முடியாததற்கு அதுதான் காரணம்.

இதிலிருந்து ஒரு விதி எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் நிழல் பிள்ளையைவிடக் குட்டையாகிவிட்டால், அந்தப் பிள்ளை மைதானத்தில் இருக்கக் கூடாது. கடிகாரமே இல்லாமல் எந்தப் பயிற்சியாளரும் இதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், அவர்களே காலடியைக் காட்டி நினைவூட்டுவார்கள். 9 மணி எல்லை என்றால் 8:30-க்கே விளையாட்டு முடிய வேண்டும். நடுவில் இருக்கும் அரைமணி, தாமதத்துக்கும் பிள்ளைகள் வீடு போய்ச் சேருவதற்கும்.

அடுத்தது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பது. காலையில் கிழக்கு மதிலின் உள்பக்கம் நிழல் இருக்கும், மாலையில் மேற்கு மதிலின் உள்பக்கம். தண்ணீர் கேனையும் பாயையும் ஒரே இடத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டால் பாதி நாள் அவை வெயிலில்தான் கிடக்கும். ஆளுயர மதில், அதாவது 2 மீட்டர் என்றால், 7 மணிக்கு ஆறு மீட்டருக்கு மேல் நிழல் தரும். 8:30-க்கு இரண்டரை மீட்டர்தான். முப்பது பிள்ளைகள் அதில் வரிசையாக உட்காரலாம், வட்டமாக உட்கார முடியாது. மரமோ மாடி வீடோ பக்கத்தில் இருந்தால் நல்லது. எதுவும் இல்லாவிட்டால் ஷாமியானா ஒன்றுக்குச் செலவு செய்யுங்கள். கோப்பை வாங்க வைத்திருக்கும் பணத்தில் அதைச் செய்தாலும் தப்பில்லை.

மைதானத்தை எப்படிப் பிரிப்பது

எடுத்துக்காட்டுக்கு 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள மண் மைதானத்தை வைத்துக்கொள்வோம். நீளப் பக்கம் கிழக்கு மதிலை ஒட்டியிருக்கிறது. கால்பந்து முகாம், எண்பது பிள்ளைகள். 7 முதல் 9 வயது வரை 24 பேர் (சின்னக் குழு), 10 முதல் 12 வரை 30 பேர் (நடுக் குழு), 13 முதல் 16 வரை 26 பேர் (பெரிய குழு).

6 மணி முதல் 8:30 வரை நமக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். எல்லோரும் முதலில் யோசிப்பது, மூன்று குழுவுக்கும் முழு மைதானத்தை ஐம்பது ஐம்பது நிமிடமாகப் பிரித்துக் கொடுப்பதுதான். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு 60 மீட்டர் மைதானம் தேவையே இல்லை, பந்தைத் துரத்தியே களைத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கோ ஐம்பது நிமிடம் போதாது. ஓய்வும் அந்த ஐம்பதுக்குள்ளேயே வர வேண்டும் என்பதால் பயிற்சியாளர் ஓய்வைத்தான் குறைப்பார். பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்திருக்கும் நேரம் வீண் என்று தோன்றும், ஏனென்றால் அப்போது மைதானம் சும்மா கிடக்கிறது.

அதனால் மைதானத்தைக் குறுக்கே வெட்டி வடக்குப் பாதி, தெற்குப் பாதி என்று இரண்டாக்குங்கள். கிழக்கு மதில் ஓரம் நாலு மீட்டர் பட்டையை விளையாட்டுக்குத் தராமல் ஓய்வுக்கு ஒதுக்குங்கள். இரண்டு பாதியிலிருந்தும் நேராக நிழலுக்கு வர முடிய வேண்டும் என்பதற்காகத்தான் குறுக்கே வெட்டச் சொல்கிறேன். கோல்களும் வடக்கு தெற்காக அமைந்துவிடும், கீப்பரின் கண்ணில் காலை வெயில் அடிக்காது. இரண்டு பாதி, ஒரு நிழல் பட்டை. குழுக்களும் மூன்று. ஒரு குழு ஓய்வுக்கு உட்காரும்போது இன்னொரு குழு அந்த இடத்துக்குள் போகிறது. இப்படிப் போட்டால் ஓய்வைக் குறைக்கலாமா என்ற கேள்வியே எழாது, ஏனென்றால் அடுத்த குழு இடத்துக்காக நிற்கும்.

யார் எப்போது வருவது

சின்னக் குழுவைத்தான் முதலில் அட்டவணையில் வைக்க வேண்டும். சிறு உடம்பு வெயிலில் சீக்கிரம் சூடேறும், வியர்வையும் பெரியவர்களைவிடக் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லவும் மாட்டார்கள். அதற்காக 6 மணிக்கே அவர்களை இழுத்து வர வேண்டாம். ஷீட் போட்ட வீடுகளில் கோடை ராத்திரி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கரண்ட் போய்விட்டால் விடியற்காலைதான் பிள்ளைகள் அயர்ந்து தூங்குகிறார்கள். 6:30-க்கு வரட்டும், 7:30-க்கு வீட்டுக்குக் கிளம்பட்டும்.

பெரியவர்கள் 6 மணிக்கே வந்துவிடுவார்கள். மேட்சுக்கு முழு மைதானம் வேண்டியது அவர்களுக்குத்தான், அது காலியாக இருப்பதும் அப்போதுதான். ஆனால் தெருக்குழாயிலும் லாரியிலும் தண்ணீர் பிடிக்கிற வேலை காலையில் இவர்கள் தலையில்தான் விழும். முகாமுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கேட்டு, எந்தெந்தத் தெருவுக்கு எந்த நாளில் தண்ணீர் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடித்துவிட்டு லேட்டாக வந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடக் கூடாது. கொருக்குப்பேட்டை பக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டி வரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

நடுக் குழு 7 மணிக்கு வரும். அட்டவணை இப்படி அமையும்:

| நேரம் | வடக்குப் பாதி | தெற்குப் பாதி | நிழல் பட்டை |
|---|---|---|---|
| 6:00–6:30 | பெரிய | பெரிய | – |
| 6:30–6:40 | காலி | சின்ன (6:35 முதல்) | பெரிய |
| 6:40–7:10 | பெரிய | சின்ன | நடு (7:00 முதல்) |
| 7:10–7:25 | நடு | சின்ன | பெரிய |
| 7:25–7:30 | நடு | பெரிய | சின்ன |
| 7:30–7:40 | காலி | பெரிய | நடு |
| 7:40–7:45 | நடு | பெரிய | – |
| 7:45–7:55 | நடு | காலி | பெரிய |
| 7:55–8:05 | காலி | காலி | நடு |
| 8:05–8:25 | நடு | நடு | – |
| 8:25–8:35 | காலி | காலி | நடு |

பெரிய குழு முப்பது, முப்பது, இருபது என்று மொத்தம் 80 நிமிடம் விளையாடுகிறது. நடுக் குழு இருபது, பதினைந்து, இருபது என்று 55 நிமிடம். சின்னக் குழு தெற்குப் பாதியில் இருக்கிற நேரம் முழுவதும் ஓடுவதில்லை. 6:35 முதல் 15 நிமிடம் விளையாட்டு, ஐந்து நிமிடம் தண்ணீர், மறுபடி 15, மறுபடி தண்ணீர், கடைசியாகப் பத்து நிமிடம். மொத்தம் 40 நிமிடம். பெற்றோர் சிலர், "ஒரு மணி நேரம் வரச் சொல்லிட்டு முக்கால் மணி கூட ஆடலையே மாஸ்டர்" என்பார்கள். இந்த வெயிலில் ஏழு வயதுக்கு அதுதான் அளவு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அட்டவணையில் பலவீனமான இடம் நடுக் குழுவின் கடைசி இருபது நிமிடம். வெயில் அப்போது ஏறியிருக்கும், மேட்சும் சூடாக இருக்கும். பத்தாவது நிமிடத்தில் விளையாட்டை நிறுத்தி எல்லோரையும் தண்ணீர் குடிக்கவையுங்கள். வெக்கை அதிகமான நாளில் இந்த மேட்சையே எடுத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து ஆட்ட விதிகளைப் பேசி அனுப்பிவிடலாம். நாளின் மற்ற பகுதி எதுவும் கெடாது. எதை முதலில் வெட்டுவது என்று முன்பே தெரிந்திருப்பதால் அன்றைக்குக் காலையில் நின்றுகொண்டு விவாதிக்க வேண்டியதில்லை.

விசில் ஒருவர் கையில்

இந்த அட்டவணை கெடுவது ஒரே வழியில்தான். "ஒரே ஒரு கோல் மாஸ்டர், போட்டுட்டு வரோம்" என்பார்கள் பெரிய பையன்கள். பயிற்சியாளரும் ஆசையில் விட்டுவிடுவார். ஐந்து நிமிடம் போகும். அதை ஈடுகட்ட அடுத்த குழு ஐந்து நிமிடம் தள்ளும். நான்கு முறை இப்படி ஆனால் நடுக் குழு 8:45-க்கு மைதானத்தில் நிற்கும். நாம் ஒதுக்கிய அரைமணியில் பாதி கரைந்திருக்கும்.

அதனால் பயிற்சி கொடுக்காத ஒருவரிடம் கடிகாரத்தையும் விசிலையும் கொடுங்கள். மைதானத்தைக் காலி செய்ய இரண்டு நீண்ட விசில். அவருக்கு ஒரே ஒரு சட்டம்: தாமதமான நிமிடங்கள் தாமதம் செய்த குழுவின் விளையாட்டு நேரத்திலிருந்து கழியும், யாருடைய ஓய்விலிருந்தும் கழியாது. எங்கள் முகாமில் கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பெண் இதைச் செய்தாள். மூன்றாம் நாளிலிருந்து பெரிய பையன்கள் அவள் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்ததுமே பந்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

தண்ணீர்க் கணக்கு

ஒவ்வோர் இடைவெளியிலும் சின்னப் பிள்ளைக்கு 150 மில்லி, நடுவுக்கு 200, பெரியவர்களுக்கு 250 என்று வையுங்கள். எல்லோருக்கும் மூன்று இடைவெளி. சின்னக் குழுவுக்கு 11 லிட்டர், நடுவுக்கு 18, பெரிய குழுவுக்கு 20 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகக் கிட்டத்தட்ட 49 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. தலையிலும் கழுத்திலும் ஊற்ற நான்காவது. இது குடிக்கிற தண்ணீராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரச் சொல்லலாம், ஆனால் அதை நம்பிக் கேனைக் குறைக்காதீர்கள். வேண்டுமா என்று கேட்காதீர்கள், டம்ளரைக் கையில் கொடுங்கள். கேட்டால் "வேணாம்" என்றுதான் பதில் வரும்.

வெறும் வயிற்றில் யாரும் வரக் கூடாது. ஒரு வாழைப்பழம் அல்லது பன் போதும். ஆறு பேர் சாப்பிடாமல்தான் வருவார்கள் என்று வைத்துக்கொண்டு ஒரு சீப்பு பழம் கையிருப்பில் இருக்கட்டும். முடிந்து போகும்போது உப்புப் போட்ட மோரோ கேழ்வரகுக் கூழோ கொடுத்தால் பிள்ளைகள் சந்தோஷமாகக் குடிக்கிறார்கள்.

முதல் வாரம் பாதி அளவு

வெயிலில் ஓட உடம்பு பழகுவதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். பரீட்சைக்கு உட்கார்ந்து படித்த பிள்ளைகள் நேராக மே மாத மைதானத்துக்கு வருகிறார்கள். முதல் நான்கு நாளும் மேலே சொன்ன நேரத்தில் பாதிதான் விளையாட்டு. பெரிய குழுவுக்கு 40 நிமிடம், நடுவுக்கு 25 முதல் 30, சின்னக் குழுவுக்கு 20. மீதி நேரம் நிழலில் பந்தைத் தட்டிப் பழகுவது, பெயர்களை அறிந்துகொள்வது. அப்புறம் நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி, எட்டாம் நாள் முழு அட்டவணைக்கு வரலாம். நடுவில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து திரும்பும் பிள்ளைக்கும் இதே பாதி அளவு.

காலை 6 மணி குளிர்ச்சி என்று நினைக்க வேண்டாம். கடலோர ஊர், காற்றில் ஈரம் அப்போதுதான் மிக அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஜெர்சி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு, இலையும் அசையாமல் இருக்கிற காலையில், வெப்பநிலை எண் குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து நிமிடம் குறையுங்கள். வானிலை ஆய்வு மையம் சென்னைக்குச் சொல்லும் வெப்பநிலை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளந்தது. நம் மைதானத்தில் எப்படி இருக்கிறது என்பதை அங்கே நின்றுதான் சொல்ல முடியும்.

மாலை

மாலைப் பயிற்சி பெரிய குழுவுக்கு மட்டும், வாரத்தில் மூன்று நாள், 5 மணி முதல் 6:15 வரை. சின்னக் குழுவுக்கு ஒரே நாளில் இரண்டு வேளை கூடவே கூடாது. பொதுவாக மதியத்துக்குள் கடற்காற்று வந்துவிடும். மேற்குக் காற்று பலமாக இருந்து கடற்காற்று வராமல் போகிற நாள்தான் மிகக் கொடுமையானது. நாலரை மணிக்கு மைதானத்தின் நடுவில் போய்ப் புறங்கையைத் தரையில் வைத்துப் பத்து வரை எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியவில்லை என்றால் அன்று பயிற்சி இல்லை. செயற்கைப் புல் தரையில் இது மண்ணைவிட மோசமாக இருக்கும்.

மாலையில் அந்த மைதானத்தில் வழக்கமாக ஆடும் அணி ஒன்று எப்படியும் இருக்கும். மாநகராட்சித் திடல் என்றால் உங்கள் மண்டல அலுவலகத்தில் அனுமதி வாங்குவதோடு, அவர்களிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். ஆறேகாலுக்கு மைதானத்தை விட்டுவிடுவோம் என்று சொன்னால் சொன்னபடி விடுங்கள்.

ஒரு பிள்ளை தளர்ந்தால்

தலைவலி, குமட்டல், காலில் தசைப்பிடிப்பு என்றால் அன்றைய விளையாட்டு அதோடு முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, ஓஆர்எஸ் கரைசல் கொடுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கெட்டியாகக் கரைத்தால் கெடுதல். சரியாகிவிட்டது என்று அவனே சொன்னாலும் அன்று மறுபடி இறக்காதீர்கள்.

பேச்சு குழறுகிறது, தள்ளாடுகிறான், காரணமில்லாமல் கோபப்படுகிறான், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான் என்றால் அது வேறு விஷயம். "எந்தத் தெருவில் இருக்கிறாய்? இப்போது யார் கோல் போட்டது?" என்று கேளுங்கள். தடுமாறினால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "நல்லா வியர்க்குதே, ஒன்றுமில்லை" என்று சொல்லும் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், அதைக் கேட்காதீர்கள். ஓடியாடி வரும் வெப்பத் தாக்கில் வியர்வை இருக்கவே செய்யும். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். அதே நேரத்தில் மற்றவர்கள் பிள்ளையை, தலை வெளியே இருக்கும்படி தாங்கிப் பிடித்து, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பெரிய டப்பில் கழுத்து வரை இறக்க வேண்டும். டப் இல்லாவிட்டால் உடம்பு முழுக்க விடாமல் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள், முதல் சில நிமிடங்கள்தான் உயிரைக் காப்பாற்றுகின்றன.

இதற்கு ஐஸ் வேண்டும், நம் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. காசிமேட்டில் மீனுக்கு வாங்கும் ஐஸ் பாரில் ஒரு துண்டை உடைத்துத் தெர்மகோல் பெட்டியில் போட்டு, பெட்டியைச் சாக்கால் மூடி நிழல் பட்டையில் வையுங்கள். டப்பில் போடவும் துணியில் சுற்றிக் கழுத்தில் வைக்கவும் மட்டும்தான் அது. குடிக்கிற தண்ணீரில் யாரும் போட்டுவிடாதபடி பெட்டி மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.